ஒரு விசா மறுப்புக் கடிதம், வரி வரியாக

பிரிட்டனில் இருக்கும் மகளைப் பார்த்துவர விண்ணப்பித்த பெற்றோருக்கு, ஏறக்குறைய மூன்று வாரத்தில் பதில் வருகிறது. விசா இல்லை என்கிறது அந்தக் கடிதம். அடுத்த பத்து நிமிடத்துக்குள் அது படமெடுக்கப்பட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து மைத்துனருக்கு, அவருடைய நண்பருக்கு, நண்பருக்குத் தெரிந்த ஏஜெண்டுக்கு. போவது கடிதம் மட்டும்தான். விண்ணப்பத்தில் என்ன எழுதினார்கள், எந்தெந்தக் காகிதத்தை இணைத்தார்கள் என்பது வாங்கிப் படிப்பவர் யாருக்கும் தெரியாது. ஆனாலும் யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். “பேங்க்ல இன்னும் அதிகமா பணம் காட்டணும்.” “ஆறு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் போடணும்.” “அப்பீல் போயிடலாம்.” “ஒரு தடவை ரிஜெக்ட் ஆச்சுன்னா இனிமே எந்த நாட்டுக்கும் கிடைக்காது.”

இவற்றில் முதல் யோசனை ஆபத்தானது. மற்ற மூன்றும் தவறு. கையில் கடிதம் ஒன்றே இருக்கும்போதும் இவ்வளவைச் சொல்லிவிட முடிகிறது. அதே கடிதத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் அடுத்து எங்கே காலை வைப்பது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

பிரிட்டனின் வருகையாளர் விசாவை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் மறுப்புக் கடிதம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசும். அமெரிக்கச் சுற்றுலா விசா மறுக்கப்பட்டால், நேர்காணல் முடிந்ததும் 214(பி) பிரிவைக் குறிப்பிடும் ஒரு பொதுவான தாளைத் தருவார்கள். விண்ணப்பித்தவரின் கதை அதில் இருக்காது. ஷெங்கன் நாடுகள் தருவது காரணங்களை வரிசையாக அச்சிட்டுப் பொருந்துவதை மட்டும் குறித்துக் கொடுக்கும் படிவம். பிரிட்டிஷ் அதிகாரியோ விண்ணப்பதாரரின் சம்பளம், வங்கி இருப்பு, உறவு எல்லாவற்றையும் தொட்டு, எது தன்னை நம்ப வைக்கவில்லை என்று வாக்கியங்களில் எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் ஷெங்கன் அனுபவத்தை வைத்து இந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

அந்த வாக்கியங்களுக்கு அடியில் இருப்பது குடிவரவு விதிகளின் ‘அப்பெண்டிக்ஸ் வி’ என்ற பகுதி. அதில் வி 4.2 என்ற பத்தி, விண்ணப்பிப்பவர் உண்மையான வருகையாளர் என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும் என்கிறது. அதற்கு ஐந்து உட்பிரிவுகள். பயணம் முடிந்ததும் நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார் என்பது ஏ. அடிக்கடி வந்து நீண்டகாலம் தங்கி அங்கேயே குடியிருக்க மாட்டார் என்பது பி. அனுமதிக்கப்பட்ட ஒரு நோக்கத்துக்காகத்தான் வருகிறார் என்பது சி. வேலை பார்ப்பது போன்ற தடைசெய்யப்பட்ட காரியங்களில் இறங்க மாட்டார் என்பது டி. போகவர, தங்க, சாப்பிடத் தேவையான பணம் இருக்கிறது என்பது இ. அடுத்த பத்தியான வி 4.3, அந்தச் செலவை இன்னொருவர் ஏற்கலாம் என்கிறது. ஆனால் அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும், அவர் பிரிட்டிஷ் குடிவரவுச் சட்டத்தை மீறியவராக இருக்கக் கூடாது, அவரால் அந்தச் செலவைத் தாங்க முடிய வேண்டும்.

இவற்றையெல்லாம் காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. ஏதாவது காகிதம் விட்டுப்போயிருந்தால் அதிகாரி கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் நேர்காணலும் கிடையாது. கோப்பில் என்ன இருந்ததோ அதுதான் அந்த மனிதர்.

ஒரு கடிதத்தைப் பார்ப்போம். இது உண்மையான யாருக்கும் வந்ததல்ல. இப்படிப்பட்ட கடிதங்கள் அமையும் விதத்தில், விளக்கத்துக்காக அமைத்தது. கும்பகோணம் பக்கத்தில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர். மகள் லெஸ்டர் நகரில் செவிலியர். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். அப்பாவும் அம்மாவும் ஐந்து மாதம் தங்கிவர விண்ணப்பித்தார்கள். ஏப்ரலில் அப்பாவுக்கு வந்த கடிதத்தின் நடுப்பகுதி தமிழில் இப்படி இருக்கும்:

“நீங்கள் ஓய்வுபெற்றவர் என்றும், மாதம் 36,000 ரூபாய் ஓய்வூதியமும் விவசாயத்தில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயும் வருகிறது என்றும் கூறியிருக்கிறீர்கள். விவசாய வருமானத்துக்கு ஆதாரம் அளிக்கவில்லை. விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முன்பு உங்கள் வங்கிக் கணக்கில் 7,00,000 ரூபாய் வரவாகியிருக்கிறது. அதற்கு முன் அந்தக் கணக்கில் 1,40,000 ரூபாய்க்கு மேல் இருந்ததில்லை. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் விளக்கவில்லை. ஆகவே இது நீங்கள் செலவிடக்கூடிய உங்கள் பணம் என்று நான் திருப்தியடையவில்லை. உங்கள் மகள் செலவை ஏற்பார் என்கிறீர்கள். அவருடைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்தேன். ஆனால் அவர் எந்த அனுமதியில் பிரிட்டனில் வசிக்கிறார் என்பதற்கோ அவருடைய மாதச் செலவுகளுக்கோ ஆதாரம் இல்லை. ஐந்து மாதம் தங்கப்போவதாகக் கூறுகிறீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் நிலத்தை யார் கவனிப்பார்கள் என்று தெரியவில்லை. இவற்றை வைத்துப் பார்க்கும்போது, நீங்கள் உண்மையான வருகையாளர் என்றோ பயண முடிவில் பிரிட்டனை விட்டுக் கிளம்புவீர்கள் என்றோ நான் திருப்தியடையவில்லை. வி 4.2 ஏ, சி, இ உட்பிரிவுகளின் கீழ் மறுக்கிறேன்.”

வீட்டில் எல்லோருடைய கண்ணும் கடைசி வரியில்தான் போய் நிற்கும். “நான் திரும்பி வரமாட்டேன்னு எழுதிட்டானே” என்று அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். அந்த வரி உண்மையிலேயே வலிக்கும். முப்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்தவரை முகம் தெரியாத ஒருவர் நம்ப மறுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திருத்துவதற்கு அந்த வரியில் எதுவும் இல்லை. அது முடிவு. முடிவுக்குக் கொண்டுபோன காரணங்கள் அதற்கு மேலே இருக்கின்றன. பென்சிலை எடுத்துக்கொண்டு மேலிருந்து வரவேண்டும்.

இந்தப் பத்தியில் மூன்று வகை வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன. சில, விண்ணப்பதாரர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கின்றன. சில, இல்லாத காகிதத்தைச் சுட்டுகின்றன. மற்றவை, இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு அதிகாரி கொண்ட ஐயம்.

முதல் வகையை யாரும் படிப்பதில்லை. நமக்குத் தெரிந்ததுதானே என்று தாண்டிவிடுகிறார்கள். ஆனால் விண்ணப்பத்தை ஏஜெண்டோ கணினி மையத்துப் பையனோ நிரப்பியிருந்தால், அதில் என்ன எழுதப்பட்டது என்பது குடும்பத்துக்கே முதன்முதலாகத் தெரியவருவது இந்த வாக்கியங்களில்தான். ஓய்வூதியம் 36,000 என்று கடிதம் சொல்கிறது. வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுவதும் அதுதானா? விவசாய வருமானம் 1,20,000 என்று உண்மையில் அவர் சொன்னாரா, அல்லது ‘கொஞ்சம் சேர்த்துப் போட்டா நல்லது’ என்று யாராவது எழுதினார்களா? இந்த இடத்தில் தவறு இருந்தால் கீழே உள்ள எதையும் திருத்திப் பயனில்லை. முதலில் விண்ணப்பத்தின் நகலை ஏஜெண்டிடமிருந்து வாங்க வேண்டும்.

இரண்டாவது வகை எளிது. விவசாய வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்றால், காட்ட வேண்டியது பட்டா, சிட்டா, நெல் விற்ற ரசீது, கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்குக்கு வந்த பணம். அவை தமிழில் மட்டும் இருந்தால் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதித் தேதியிட்டு, பெயரும் கையொப்பமும் தொடர்பு விவரமும் கொடுத்திருக்க வேண்டும். சில வீடுகளில் பட்டாவை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்திருப்பார்கள், மொழிபெயர்க்காமல். அதிகாரியின் பார்வையில் அது ஏறக்குறைய இணைக்காததற்குச் சமம். “ஆதாரம் அளிக்கவில்லை” என்ற வரி இந்த இரண்டில் எதைக் குறிக்கிறது என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பதிவேற்றிய காகிதங்களின் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

மகள் சம்பந்தமான வரியும் இதே வகைதான். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளச் சீட்டுகளை அதிகாரி பார்த்துவிட்டார், அவற்றைச் சந்தேகிக்கவில்லை. அவர் கேட்பது வி 4.3 பத்தியின் மற்றப் பாதி. மகள் சட்டப்படி வசிக்கிறாரா, மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது. வசிப்புரிமை அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகி, எல்லாம் இணையவழி இ-விசாவாக மாறிவிட்டன. பழைய அட்டையின் நகலை இணைத்துவிட்டு, அனுமதியைக் காட்டிவிட்டோம் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது காட்ட வேண்டியது இ-விசாவின் விவரம். மாதச் செலவுக்கு வாடகை ஒப்பந்தமும் சில மாத வங்கி அறிக்கையும் போதும். மகளுக்குக் கைக்கு வருவது 2,400 பவுண்டு, வாடகையும் கட்டணங்களுமாக 1,300 போகிறது என்றால், இருவரைக் கூட வைத்துக்கொள்ள மிச்சம் இருக்கிறது என்பது தானே தெரியும். மருமகனும் சம்பாதிக்கிறார், அவருடைய சம்பளச் சீட்டை யாரும் வைக்கவில்லை என்பது இந்தக் கட்டத்தில்தான் வீட்டில் பலருக்கு நினைவுக்கு வரும்.

மூன்றாவது வகைதான் கவனமாகப் படிக்க வேண்டியது. ஏழு லட்ச ரூபாய்.

“இன்னும் அதிகமாப் பணம் காட்டணும்” என்ற யோசனை ஏன் ஆபத்தானது என்பது இங்கே தெரிகிறது. கணக்கில் பணம் குறைவு என்று கடிதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறது. வருகையாளர் விசாவுக்கு இவ்வளவு இருப்பு வேண்டும் என்ற தொகையோ, இத்தனை நாள் கணக்கில் கிடக்க வேண்டும் என்ற கணக்கோ விதியில் இல்லை. 28 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொந்தக்காரப் பையன் சொன்னால், அது அவன் வாங்கிய மாணவர் விசாவின் விதி. பெற்றோரின் விண்ணப்பத்துக்கு அது பொருந்தாது. இப்போது இன்னொரு ஐந்து லட்சத்தைக் கணக்கில் போட்டால், விளக்கம் இல்லாத வரவு ஒன்றுக்குப் பதில் இரண்டாகும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடிதம் சொல்லாது, சொல்லவும் முடியாது. அப்பாவுக்குத்தான் தெரியும். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து அடுத்த படி முற்றிலும் மாறும்.

அது பல வருடமாக அதே வங்கியில் கிடந்த நிரந்தர வைப்புத்தொகை என்று வைத்துக்கொள்வோம். பயணத்துக்காக அதை முறித்துச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினார். அப்படியானால் சிக்கல் பாதி தீர்ந்தது. வைப்பு தொடங்கிய நாளின் ரசீது, அதை மூடியபோது வங்கி கொடுத்த அறிக்கை, சேமிப்புக் கணக்கில் அதே தொகை விழுந்த வரி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் பணம் அவருடையது, பழையது என்பது தெரிந்துவிடும். சொல்லப்போனால், முறிக்காமலே வைப்புத்தொகைச் சான்றிதழைக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மகள் அனுப்பிய பணமாக இருந்தால், அது அப்பாவின் சேமிப்பு என்று காட்டியதே பிசகு. அவள் கணக்கிலிருந்து கிளம்பியதையும் இவர் கணக்குக்கு வந்ததையும் காட்டி, பயணச் செலவை மகள் ஏற்கிறாள் என்று நேராகச் சொல்லிவிடலாம். விதி அதை அனுமதிக்கிறது.

மூன்றாவது, பலரும் சொல்லத் தயங்குவது. மைத்துனரிடம் கைமாத்தாக வாங்கி, இருப்பு காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதாக இருந்த பணம். அப்படியென்றால் அதிகாரியின் ஐயம் சரி. அதற்கு ஆதாரம் தேடக்கூடாது. முன்தேதியிட்ட நிலவிற்பனை ஒப்பந்தம், மைத்துனர் எழுதிய அன்பளிப்புப் பத்திரம் என்றெல்லாம் ஏஜெண்டுகள் வழி சொல்வார்கள். அந்த வழியில் போனால் இதுவரை வெறும் ஆதாரக்குறைவாக இருந்த கோப்பு பொய் ஆவணக் கோப்பாக மாறும். செய்ய வேண்டியது, அந்தப் பணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அது தன் பணம் இல்லை என்று புதிய விண்ணப்பத்தின் விளக்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டு, சொந்தமாக இருக்கும் 1,40,000 ரூபாயையும் ஓய்வூதியத்தையும் மகளின் ஆதரவையும் வைத்துத் திட்டத்தைச் சுருக்குவது.

சுருக்குவது என்றதும் அந்த ஐந்து மாதத்துக்கு வர வேண்டியிருக்கிறது. வருகையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம் என்பதால், ஐந்து மாதம் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் இந்தக் கோப்பில் அது அப்பாவின் இன்னொரு வாதத்தோடு மோதுகிறது. ஊருக்குத் திரும்பி வர என் நிலமே காரணம் என்கிறார். ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம் போனால் சம்பா நடவு தவறும். டெல்டா விவசாயத்தைப் பற்றி அதிகாரிக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நிலத்தை யார் பார்ப்பார் என்ற கேள்வி தானாக எழும். நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகை ஒப்பந்தத்தைக் காட்டலாம். அப்போது வருமானத்தையும் குத்தகைப் பணம் என்றே சொல்ல வேண்டும். சொந்தமாகப் பயிர் செய்கிறவர் என்றால், பிரசவத்தையொட்டிய எட்டு வாரம் போதுமா என்று குடும்பம் உட்கார்ந்து பேசுவது நல்லது.

பிரசவத்துக்குப் போகும் பெற்றோர் அஞ்சும் விஷயம் ஒன்று இந்தக் கடிதத்தில் இல்லை. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று எழுதியதால்தான் மறுத்துவிட்டார்களோ என்பார்கள். அப்படியானால் டி உட்பிரிவு வந்திருக்கும். அது வரவில்லை. உறவினர் குறுகிய வருகையில் குழந்தையைக் கவனித்துக்கொள்வதை அதிகாரிகளுக்கான வழிகாட்டுதல் அனுமதிக்கவே செய்கிறது. சம்பளத்துக்குக் குழந்தை வளர்க்கும் வேலையாக ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே அடுத்த விண்ணப்பத்தில் இதை மறைத்து ‘ஊர் சுற்றிப் பார்க்க’ என்று மாற்றி எழுத வேண்டிய தேவை இல்லை. மாற்றினால், முதல் விண்ணப்பத்தில் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கடிதம் எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பதன் பயன் இதுதான். தொடாத இடத்தை நாமாகப் போய்க் கலைக்காமல் இருக்கலாம்.

இப்போது உட்பிரிவுகளைப் பார்த்தால் கோப்பின் உருவம் தெரிகிறது. இ என்பது பணம், அதற்குத் தனித்தனியான காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏ, சி இரண்டுக்கும் சொந்தமாக இருக்கும் காரணம் அந்த ஐந்து மாதம் மட்டுமே. மற்றபடி பணத்தின் மீதான ஐயம்தான் அங்கே போய் நிற்கிறது. பணத்தைச் சரிசெய்தால் பாரம் பெருமளவு இறங்கும். இதுவே, முன்பு ஒரு தடவை அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கிவிட்டார் என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது எவ்வளவு பணம் காட்டினாலும் ஏ அப்படியே நிற்கும்.

இன்னும் ஒரு தேடல் பாக்கி. கடிதத்தில் எங்காவது பொய் ஆவணம், தவறான தகவல், ஏமாற்றுதல் என்ற சொற்கள் வருகின்றனவா? நமது மாதிரிக் கடிதத்தில் இல்லை. “திருப்தியடையவில்லை” என்பது எவ்வளவு கடுமையாகத் தொனித்தாலும் பொய் சொன்னீர்கள் என்ற குற்றச்சாட்டு ஆகாது. ஏமாற்றினார் என்று அதிகாரி முடிவுகட்டினால், அதன் பிறகு போடும் விண்ணப்பங்களைப் பத்தாண்டு வரை மறுக்க விதியில் இடமிருக்கிறது. அந்தச் சொற்கள் இருக்கும் கடிதத்தோடு வீட்டில் உட்கார்ந்து புதிய விண்ணப்பம் தயாரிக்கக் கூடாது. நேராக வழக்கறிஞரிடம் போக வேண்டும்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இரண்டு வாக்கியங்களால் ஆனது, இரண்டுமே தவறாகப் படிக்கப்படுகின்றன. இந்த முடிவுக்கு எதிராக மேல்முறையீடோ நிர்வாக மறுபரிசீலனையோ கிடையாது என்பது ஒன்று. இனிவரும் விண்ணப்பங்கள் அவற்றின் தகுதியின்படி பார்க்கப்படும், ஆனால் சூழ்நிலை மாறாவிட்டால் மறுக்கப்படவே வாய்ப்பு அதிகம் என்பது மற்றொன்று.

அப்பீல் போகலாம் என்று சொல்லும் பெரியப்பா கற்பனையாகச் சொல்லவில்லை. குடும்பத்தினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்பு உண்மையிலேயே மேல்முறையீட்டு உரிமை இருந்தது. அதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எடுத்துவிட்டது, அந்த ஆண்டு ஜூன் 25-லிருந்து இல்லை. மனித உரிமை அடிப்படையில் ஒரு சிறிய வாசல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வளர்ந்து, தனியே குடும்பம் நடத்தும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு அது திறப்பது அரிது.

நீதிமன்றம் முழுக்க மூடிவிட்டதா என்றால், இல்லை. நீதிப் பேராய்வு என்ற வழி இருக்கிறது. முடிவு வந்து மூன்று மாதத்துக்குள், அதிலும் தாமதமின்றி, பிரிட்டனில் உள்ள மேல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்பு உள்துறைக்கு ஒரு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்புவது முறை. அங்கே பார்க்கப்படுவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பது மட்டும். வென்றால் கிடைப்பதும் பெரும்பாலும் மீண்டும் பரிசீலிக்கிறோம் என்ற பதில்தான், விசா இல்லை. ஓய்வூதிய ஆணையைப் பதிவேற்றியிருக்கிறோம், ஆனால் ஆதாரமே இல்லை என்று கடிதம் சொல்கிறது என்றால் அது இந்த வழிக்கு உரிய விஷயம். ஏழு லட்சத்துக்கு விளக்கம் தராமல் விட்டது அப்படிப்பட்டதல்ல. வழக்குக்கு ஆகும் செலவைப் புதிய விண்ணப்பத்தின் கட்டணத்தோடு ஒப்பிட்டாலே முடிவு தெரிந்துவிடும். 2025 ஏப்ரலில் ஆறு மாத வருகையாளர் விசாவின் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. மறுத்தாலும் அது திரும்பி வராது. ஆலோசகரைத் தேடினால், பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை தருகிறவர் வழக்கறிஞராகவோ, ‘இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி’யில் பதிவுபெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

இரண்டாவது வாக்கியத்தைத் தடை என்று படிக்கிறார்கள். அது எல்லோருக்கும் போகும் வழக்கமான வரி. காத்திருப்புக் காலம் எதுவும் அதில் இல்லை. நாளைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே காகிதங்களோடு விண்ணப்பித்தால் அதே பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறது. எனவே கணக்கிட வேண்டியது எத்தனை மாதம் கழிந்தது என்பதை அல்ல, எத்தனை வரிக்கு இப்போது பதில் இருக்கிறது என்பதை.

புதிய விண்ணப்பத்தில் முந்தைய மறுப்பைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டன் மட்டுமின்றி எந்த நாடு மறுத்திருந்தாலும் படிவம் கேட்கும். நாளை ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ போட்டாலும் இந்த மறுப்பை அங்கே எழுத வேண்டும். எழுதினால் கதவு சாத்திவிடாது. மறைத்துக் கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே ஏமாற்றுதல் ஆகிவிடும். ‘பழசை எழுத வேண்டாம் சார், புதுசா போடுறோம்’ என்று சொல்லும் ஏஜெண்டிடமிருந்து உடனே காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

கூடவே வைக்கும் விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மறுப்புக் கடிதத்தின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு, அதிகாரி எழுப்பிய கேள்விகளை அவர் எழுப்பிய வரிசையிலேயே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியப் பதிலும் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பும் போதும். வைப்புத்தொகை முறித்த கதை, மகளின் இ-விசா, மருமகன் சம்பளம், நிலத்தின் குத்தகை. முந்தைய அதிகாரி நம்பவில்லையே என்ற மனத்தாங்கலை அதில் கொட்டக் கூடாது. படிக்கப்போகிறவர் வேறு ஒருவர்.

அம்மாவின் கடிதம் தனியாக இருக்கிறது. அப்பாவுடையதைப் போலவே இருக்கும் என்று அதைப் பிரித்துப் படிக்காமலே வைத்துவிடுகிறார்கள். அவருக்குச் சொந்த வருமானம் இல்லை, கணவரின் விண்ணப்பத்தைச் சார்ந்தே வருகிறார் என்று மட்டும் எழுதியிருந்தால், அப்பாவுடையது சரியானால் அதுவும் பெரும்பாலும் சரியாகும். வேறு காரணம் இருந்தால் அதற்குத் தனிப் பதில் வேண்டும். விண்ணப்பங்கள் இரண்டு, கட்டணம் இரண்டு, கோப்புகளும் இரண்டு. ஒன்றில் வைத்த காகிதத்தை மற்றொன்றைப் பார்ப்பவரும் பார்ப்பார் என்று நம்பக்கூடாது. மகளின் ஆவணங்களும் வைப்புத்தொகை ரசீதும் இரண்டிலும் முழுசாக இருக்க வேண்டும். ஆகஸ்ட் 10-ஆம் தேதி கிளம்புவதாக இருந்தால், பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், மே 10-க்குப் பிறகு போடலாம். முடிவுக்கு வழக்கமாக ஆவது மூன்று வாரம். ஏப்ரலில் கடிதம் வந்த வீட்டில் வங்கிக்குப் போகவும், பட்டாவை மொழிபெயர்க்கவும், மகளிடம் கேட்டு வாங்கவும் ஒரு மாதம் இருக்கிறது.